வேலை விளம்பரத்தின் பின்பக்கம்

கோயம்புத்தூரில் ஒரு சிறு நிறுவனம் வேலைவாய்ப்புத் தளத்தில் இப்படி விளம்பரம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம்: “ஹெச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் தேவை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் போடத் தெரிந்திருக்க வேண்டும். எக்ஸெலில் சம்பளக் கணக்கு, வருகைப் பதிவு, ஆள் எடுப்பது, அலுவலக நிர்வாகம். ஓரிரு ஆண்டு அனுபவம் போதும். உடனே சேர வேண்டும்.”

வேலை தேடுபவர் இதில் ஒரு வேலையைப் பார்க்கிறார். அதே ஊரில் இரண்டு பேர் சேர்ந்து ஓர் அலுவலகம் வைத்து, பிற நிறுவனங்களின் சம்பளக் கணக்கைப் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறார்கள். அவர்கள் இதே விளம்பரத்தில் வேறு செய்திகளைப் படிப்பார்கள். இந்த நிறுவனத்தில் சம்பளக் கணக்கு இன்னும் எக்ஸெலில்தான் நடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் போய்விட்டார், அல்லது இதுவரை யாருமே தனியாகப் பார்க்கவில்லை. ஒருவருக்கே ஐந்து வேலையைக் கொடுக்கப் போகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வேலைக்காகப் பணம் செலவழிக்க முதலாளி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்.

விற்பனைத் துறையில் இருப்பவர்கள் ‘ப்ராஸ்பெக்ட் பட்டியல்’ என்று சொல்வது, நாளைக்கு வாடிக்கையாளர் ஆகக்கூடிய நிறுவனங்களின் பட்டியலை. அதை விலைக்கு வாங்கலாம். ஆயிரக்கணக்கான பெயர்களும் மின்னஞ்சல்களும் கொண்ட கோப்புகளை விற்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கோப்பில் பெயர் இருக்கும். இன்றைக்கு அவரை ஏன் கூப்பிட வேண்டும் என்பதற்கான காரணம் இருக்காது. வேலை விளம்பரங்கள், சமூக ஊடகப் பதிவுகள், நிறுவனங்களின் சொந்த இணையப் பக்கங்கள் ஆகிய மூன்றையும் படித்துப் பட்டியல் போடுகிறவர் தேடுவது அந்தக் காரணத்தை. அதை எப்படித் தேடுவது, எங்கே ஏமாறுவோம் என்பதை அந்த இருவர் அலுவலகத்தை வைத்தே பார்ப்போம்.

தேடுவதற்கு முன் எழுத வேண்டிய தாள்

கணினியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு நம் சேவை எந்த நாளில் தேவைப்படத் தொடங்குகிறது என்பதை எழுத வேண்டும். “வளரும் நிறுவனங்களுக்கு” என்று எழுதினால் அது எதற்கும் உதவாது. தேவையைப் பிறப்பிக்கும் நிகழ்ச்சி எது, அது வெளியே என்ன தடயத்தை விடும் என்று இரண்டு பத்தியாக எழுத வேண்டும்.

சம்பளக் கணக்குத் தொழிலில் இந்த நிகழ்ச்சிகளைச் சட்டமே வரையறுத்துக் கொடுக்கிறது. ஒரு நிறுவனத்தில் பத்துப் பேர் சேர்ந்துவிட்டால் இ.எஸ்.ஐ. வருகிறது, மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதற்குள் வருவார்கள். இருபது பேர் ஆகிவிட்டால் பி.எஃப். வருகிறது. இரண்டுக்குமே அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பணம் கட்டியாக வேண்டும். பி.எஃப். விஷயத்தில் பல சிறு முதலாளிகள் கவனிக்காத இரண்டு நுணுக்கங்கள் உண்டு. தலைமை இடத்தில் இருப்பவர்களையும் கிளைகளில் இருப்பவர்களையும் சேர்த்தே எண்ணுவார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் அந்த எண்ணிக்கையில் அடக்கம். ஒருமுறை இருபதைத் தொட்டுவிட்டால், பிறகு ஆட்கள் குறைந்தாலும் பொறுப்பு விலகாது.

ஆகவே நம் தாளில் மூன்று நிகழ்ச்சிகளை எழுதலாம். ஒன்று, நிறுவனம் இருபது பேரை நெருங்குவது. இரண்டு, கணக்குப் பார்த்தவர் விலகுவது. மூன்று, வேறு மாநிலத்தில் கிளை திறப்பது. மூன்றாவது ஏன் என்றால், தொழில் வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. தமிழ்நாட்டில் அதை அரையாண்டுக்கு ஒருமுறை மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புக்குக் கட்டுகிறோம். கர்நாடகத்தில், மாதம் 25,000 ரூபாயும் அதற்கு மேலும் வாங்கும் ஊழியரிடம் மாதந்தோறும் பிடித்து மாநில அரசுக்குக் கட்ட வேண்டும். ஓசூர் தாண்டிக் கடை போட்ட அன்றே கணக்கு முறை மாறிவிடுகிறது.

இந்த மூன்றும் தடயம் விடும். ஆள் எடுப்பது வேலைத் தளத்தில் தெரியும். ஆள் விலகியது, அதே பதவிக்கு மறுபடி விளம்பரம் வரும்போது தெரியும். புதுக்கிளை சமூக ஊடகத்தில் ரிப்பன் வெட்டும் படமாக வரும். எதைத் தேடுகிறோம் என்பது முடிவான பிறகுதான் எங்கே தேடுவது என்ற கேள்விக்குப் பொருள் உண்டு. மென்பொருள் விற்பவரோ, குளிர்சாதன வசதி அமைத்துத் தருபவரோ இதே தாளை எழுதினால் நிகழ்ச்சிகள் வேறாக இருக்கும். தாள் மட்டும் இதுவேதான்.

வேலைத் தளங்களைப் படிக்கும் விதம்

கோவை வட்டாரச் சிறு நிறுவனங்களின் விளம்பரங்களை நௌக்ரி, இண்டீட், லிங்க்ட்இன், அப்னா ஆகிய தளங்களில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசே தனியார் துறை வேலைவாய்ப்புக்காக ஒரு தளம் நடத்துகிறது. அலுவலக வேலைகளுக்கு முதல் மூன்றும், பேக்கிங், விற்பனை, டெலிவரி போன்ற வேலைகளுக்கு அப்னாவும் கூடுதலாகப் பயன்படும். கூகுளிலேயே தேடுவதானால் இப்படித் தட்டச்சு செய்யலாம்:

```
"Coimbatore" "HR executive" "PF" "ESI" -consultancy
site:zohorecruit.in "Coimbatore"
```

மேற்கோள் குறிக்குள் இருப்பது அப்படியே இருக்கும் பக்கங்கள் வரும். கழித்தல் குறி போட்ட சொல் உள்ள பக்கங்கள் விலகும். `site:` என்பது ஒரே தளத்துக்குள் தேடச் சொல்வது. இரண்டாவது வரி, ஸோஹோவின் ஆள்சேர்ப்பு மென்பொருளில் தங்கள் வேலைப் பக்கத்தை வைத்திருக்கும் நிறுவனங்களைக் காட்டும். தேடல் முடிவுகளைக் கடந்த ஒரு வாரத்துக்கு மட்டும் சுருக்கிக்கொள்ள வேண்டும். பழைய விளம்பரங்கள் நேரத்தைத் தின்றுவிடும்.

விளம்பரத்தில் பதவியின் பெயர் அவ்வளவு முக்கியமில்லை. ஒரே வேலையை ஓர் இடத்தில் அட்மின் என்பார்கள், இன்னோர் இடத்தில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் என்பார்கள். பொறுப்புகளைச் சொல்லும் பத்தியைத்தான் படிக்க வேண்டும். அங்கேதான் எக்ஸெல் என்றோ, டாலி என்றோ, ஏதாவது ஒரு பேரோல் மென்பொருளின் பெயரோ எழுதியிருக்கும். நம் வேலை அந்தப் பதவியில் எத்தனை பங்கு என்பதும் அங்கேதான் தெரியும். பத்துப் பொறுப்புகளில் ஒன்றாக சம்பளக் கணக்கு இருந்தால், வருகிறவர் அதை மாதக் கடைசியில் அவசரமாகச் செய்வார். அந்த ஒரு பங்கை வெளியே கொடுக்க முதலாளி யோசிக்கக்கூடும். பத்தும் சம்பளக் கணக்கைச் சுற்றியே இருந்தால் அங்கே தேவை ஒரு முழுநேர ஆள். அவர்கள் நம்மிடம் வரமாட்டார்கள். வரச் சொல்வதும் சரியல்ல.

அடுத்து தேதி. நௌக்ரியில் விளம்பரம் எத்தனை நாளுக்கு முன் வந்தது, எத்தனை இடம் காலி என்று இருக்கும். ஒரே விளம்பரம் மறுபடி போடப்பட்டிருந்தால் லிங்க்ட்இன் அதைக் குறிப்பிட்டுக் காட்டும். ஒரு பதவிக்கு ஐந்து மாதத்தில் மூன்று முறை ஆள் கேட்டால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: கொடுக்கும் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, அல்லது வந்தவர் நிற்கவில்லை. இரண்டாவதாக இருந்தால் ஒவ்வொருவர் போகும்போதும் கணக்கின் தொடர்ச்சி அறுந்திருக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் வலுவான அறிகுறி.

இங்கே ஏமாற்றும் விளம்பரங்களும் நிறைய. முதல் வகை, கன்சல்டன்சிகள் போடுவது. “முன்னணி நிறுவனம் ஒன்றுக்குத் தேவை” என்று பெயரை மறைத்திருப்பார்கள். அதை நிறுவனத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்த விளம்பரத்தில் வித்தியாசமாக உள்ள ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடினால், மூல நிறுவனம் தன் பக்கத்தில் போட்ட அதே வாக்கியம் சில நேரம் அகப்படும். இரண்டாவது வகை, ஒரே விளம்பரம் நான்கு தளங்களில் வருவது. பல தளங்கள் பிற தளங்களிலிருந்து எடுத்துப் போடுகின்றன. நான்கு இடத்தில் பார்த்தாலும் அது ஒரே அறிகுறிதான். மூன்றாவது வகை, காலியிடமே இல்லாமல் ஆண்டு முழுவதும் கிடக்கும் விளம்பரம். விண்ணப்பங்களைச் சேர்த்து வைத்துக்கொள்வதற்காக அப்படி விடுவார்கள். தேதி புதுப்பிக்கப்பட்டிருக்கும், ஆனால் வார்த்தைகளில் ஒரு மாற்றமும் இருக்காது. சேர வேண்டிய இடம், சம்பளம், மேலதிகாரி எதுவும் குறிப்பாக இருக்காது. உண்மையான அவசரத்தில் எழுதிய விளம்பரத்தில் “சிட்கோவில் உள்ள எங்கள் யூனிட்டில், காலை ஒன்பது மணிக்கு” என்பது போன்ற விவரம் தானாக வந்து விழும்.

பதிவுகளில் எது தேவை, எது புலம்பல்

சமூக ஊடகத்தில் கிடைக்கும் அறிகுறிகளில் மிக வலுவானது நேரடிக் கேள்வி. உள்ளூர்த் தொழில்முனைவோர் குழுக்களில் யாராவது “நல்ல பி.எஃப். கன்சல்டன்ட் இருந்தால் சொல்லுங்கள்” என்று எழுதுவார்கள். இதைவிடத் தெளிவாகத் தேவையைச் சொல்ல முடியாது. ஆனால் இதன் ஆயுள் மிகக் குறைவு. ஓரிரு நாளில் பத்துப் பேர் பதில் எழுதிவிடுவார்கள், அவர் யாரையாவது கூப்பிட்டும் விடுவார். வாரத்துக்கு ஒருமுறை தேடுகிறவருக்கு இது கிடைக்காது. அந்தக் குழுவில் இருந்து அன்றாடம் படிக்கிறவருக்கே கிடைக்கும்.

அதற்கு அடுத்தபடி, முதலாளியோ நிறுவனமோ தாமாகவே அறிவிப்பவை: புதுக் கிளை, புதிய இயந்திரம், பெரிய ஆர்டர், பழைய மேலாளருக்கு வழியனுப்பு. இவற்றில் தேவை நேரடியாக எழுதியிருக்காது, நாம்தான் ஊகிக்கிறோம். “எட்டு ஆண்டு எங்களோடு இருந்த அக்கவுண்ட்ஸ் மேடத்துக்கு நன்றி” என்ற பதிவு, அடுத்த மாதம் சம்பளக் கணக்கை யார் போடுவார் என்ற கேள்வியை எழுப்புகிறது. ஆனால் அவர் போவதற்கு முன்பே இன்னொருவரைப் பழக்கியிருக்கலாம். ஆகவே இப்படிப்பட்ட பதிவை மட்டும் நம்பி யாரையும் அழைக்கக் கூடாது. இரண்டாவது அறிகுறி வேறோர் இடத்திலிருந்து வரும்வரை அந்த நிறுவனம் காத்திருப்பு வரிசையில் இருக்கட்டும்.

தேவை போலவே தோற்றமளித்து, தேவை அல்லாத ஒன்று உண்டு. ஊழியர்கள் தங்கள் நிறுவனத்தை மதிப்பிடும் தளங்களில், ஆம்பிஷன்பாக்ஸ் போன்றவற்றில், “சம்பளம் ஒவ்வொரு மாதமும் தாமதம்” என்று எழுதியிருப்பார்கள். சம்பளக் கணக்குக்காரர் இதைப் பார்த்ததும் தன் வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார் என்று நினைப்பார். பெரும்பாலும் அங்கே குறை கணக்கில் இருக்காது, கையிருப்பில் இருக்கும். ஊழியருக்கே நேரத்தில் கொடுக்க முடியாதவர் நம் கட்டணத்தையும் நேரத்தில் கொடுக்கமாட்டார். கவனிக்க வேண்டியது வேறு வகைப் புகார்: “சம்பளச் சீட்டு தருவதில்லை”, “பி.எஃப். எண் கேட்டு ஆறு மாதம் ஆகிறது”, “விடுப்புக் கணக்கு தப்பு”. இவை பணம் இருந்தும் வேலை நடக்காத இடங்கள். ஆனாலும் இந்தப் புகாரை முதலாளிக்கு எழுதும் கடிதத்தில் குறிப்பிடக் கூடாது. எழுதியது யார் என்று அவர் உள்ளே தேட ஆரம்பிப்பார். நம் ஒரு வரியால் ஓர் ஊழியருக்குத் தொல்லை வரும்.

நிறுவனத்தின் சொந்தப் பக்கம் சொல்வது

வேலைத் தளமும் பதிவும் என்ன நடக்கப் போகிறது என்று சொல்லும். நிறுவனத்தின் சொந்தப் பக்கம், நாம் நினைப்பது சரிதானா என்று சோதிக்க உதவும். குழுவைப் பற்றிய பக்கம், கிளைகளின் முகவரி, வேலைவாய்ப்புப் பக்கம் ஆகிய மூன்றும் போதும். வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறந்ததும் முகவரிப் பட்டையைப் பார்க்க வேண்டும். அது `keka.com` என்று முடிந்தால் அவர்கள் ஏற்கெனவே கேகா என்ற மென்பொருளை வாங்கியிருக்கிறார்கள். ஊழியர் உள்நுழைவு `greythr.com`-க்குப் போனால் பேரோல் மென்பொருள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. இப்படிப்பட்ட நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். எதை விடலாம் என்று சீக்கிரம் தெரிவதும் ஆதாயமே.

பழைய பக்கத்தோடு ஒப்பிட இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷின் உதவுகிறது. ஓர் ஆண்டுக்கு முன் எத்தனை கிளை இருந்தது, இன்று எத்தனை என்று பார்த்தால் வளர்ச்சியின் வேகம் தெரியும். சின்ன நிறுவனங்களின் பக்கங்கள் அதில் அடிக்கடி சேமிக்கப்படுவதில்லை என்பது இதன் குறை.

பிரைவேட் லிமிடெட் நிறுவனம் என்றால் அடிக்குறிப்பில் சி.ஐ.என். என்ற 21 எழுத்து எண் இருக்கலாம். அதன் 7, 8-ஆம் இடத்து எழுத்துகள் பதிவான மாநிலத்தையும், 9 முதல் 12 வரையுள்ள இலக்கங்கள் பதிவான ஆண்டையும் குறிக்கும். கோவையிலுள்ள கம்பெனிப் பதிவாளரிடம் பதிவானவற்றுக்கு TZ, சென்னையில் பதிவானவற்றுக்கு TN என்று வரும்.

கடைசியாக ஒரு பொதுப் பதிவேடு. இ.பி.எஃப்.ஓ.வின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தட்டி யார் வேண்டுமானாலும் தேடலாம். பணம் கட்டியிருந்தால் எந்த மாதத்துக்கு, எத்தனை ஊழியருக்கு என்று காட்டும். ஆறு மாதத்தில் அந்த எண்ணிக்கை 22-லிருந்து 41 ஆகியிருந்தால் அதைவிட நம்பகமான அறிகுறி வேறில்லை. ஆனால் இதையும் தவறாகப் படிக்க வாய்ப்பு உண்டு. 2020-இலிருந்து புதிதாகப் பதிவாகும் கம்பெனிகளுக்குப் பதிவின்போதே பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள் கொடுக்கப்பட்டுவிடுகின்றன. எண் இருந்து, பணம் கட்டிய விவரம் இல்லை என்றால் அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று பொருளல்ல. இருபது பேர் இன்னும் ஆகாமல் இருக்கலாம். அப்போது கட்ட வேண்டிய பொறுப்பே தொடங்கியிருக்காது.

ஒரு நிறுவனம், ஒரு வாரம்

இப்போது எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தில் சேர்த்துப் பார்ப்போம். கற்பனை நிறுவனம்தான், ஆனால் இந்த வரிசையில்தான் விவரங்கள் கைக்கு வரும்.

திங்கட்கிழமை நம் இருவர் அலுவலகம் தேடியதில் அறுபது விளம்பரங்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். கன்சல்டன்சிகளையும் இரட்டிப்புகளையும் கழித்தால் முப்பத்தைந்து. நூறு பேருக்கு மேல் இருக்கும் பெரிய நிறுவனங்களில் தனித் துறை இருக்கும். அவற்றையும், மென்பொருள் வாங்கிவிட்டவர்களையும் கழித்தால் பதினான்கு. அந்தப் பதினான்கில் ஒன்று, சத்துமாவும் தின்பண்டமும் தயாரிக்கும் நிறுவனம். கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த விளம்பரத்தைப் போட்டது அதுதான்.

அதே நிறுவனம் அப்னாவில் பேக்கிங்குக்கு மூன்று பேர் கேட்டிருக்கிறது. இன்ஸ்டாகிராமில், பெங்களூரில் கடை திறக்கப் போவதாக ஒரு பதிவு. அந்தக் கடைக்கு ஒரு மேலாளரும் நான்கு விற்பனையாளரும் வேண்டும் என்று தனி விளம்பரம். நிறுவனத்தின் பக்கத்தில் “15 பேர் கொண்ட குழு” என்று இருக்கிறது. சி.ஐ.என். எண்படி 2021-இல் கோவையில் பதிவானது. இ.பி.எஃப்.ஓ. தளத்தில் எண் இருக்கிறது, பணம் கட்டிய விவரம் இல்லை.

கூட்டிப் பார்ப்போம். இப்போது பதினைந்து. பேக்கிங்குக்கு மூன்று, பதினெட்டு. ஹெச்.ஆர். ஒருவர், பத்தொன்பது. பெங்களூரில் ஐந்து, இருபத்துநான்கு. கோவையில் பத்தொன்பதுதானே, இன்னும் இருபது ஆகவில்லையே என்று முதலாளி நினைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. கிளையைச் சேர்த்து எண்ணினால் கடை திறக்கும் மாதத்திலேயே பி.எஃப். பொறுப்பு வந்துவிடுகிறது. பெங்களூர் மேலாளரின் சம்பளம் 25,000 ரூபாயைத் தொட்டால் கர்நாடகத் தொழில் வரியும் மாதந்தோறும் சேர்ந்துகொள்ளும். விற்பனையாளர்களுக்குச் சம்பளம் அதற்குக் கீழே இருந்தால் அவர்களுக்கு இந்த வரி இல்லை. ஓரிரு ஆண்டு அனுபவம் உள்ள ஒரு ஹெச்.ஆர். எக்ஸிகியூட்டிவுக்கு, அதுவும் ஐந்து வேலைக்கு நடுவே, இதெல்லாம் முதல் மாதத்திலேயே பிடிபடுவது கடினம்.

இந்தக் கணக்கில் ஒரு பலவீனமும் இருக்கிறது. “15 பேர்” என்று பக்கத்தில் எழுதி இரண்டு ஆண்டு ஆகியிருக்கலாம். இன்று பத்தாக இருக்கலாம், இருபத்தைந்தாகவும் இருக்கலாம். எனவே இது ஊகம் என்று பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் ஒரு நிறுவனத்துக்கு ஒரு வரிதான். நிறுவனத்தின் பெயர், அறிகுறியின் சொற்கள் அப்படியே, பார்த்த இடத்தின் இணைப்பு, பார்த்த தேதி, இரண்டாவது அறிகுறி, நாம் ஊகிப்பது என்ன, முடிவெடுப்பவர் யார், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். அறிகுறியின் சொற்களை அப்படியே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. “வளர்ச்சி தெரிகிறது” என்று எழுதினால் மூன்று வாரம் கழித்து அது எதைக் குறித்தது என்று எழுதியவருக்கே நினைவிருக்காது.

தேதிக்கும் அதே அளவு முக்கியத்துவம் உண்டு. குழுவில் கேட்ட கேள்விக்கு ஓரிரு நாள், வேலை விளம்பரத்துக்கு மூன்று நான்கு வாரம், புதுக் கிளைக்கு மூன்று மாதம் என்று ஆயுள் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். ஆயுள் முடிந்த வரியை அடித்துவிட வேண்டும். அடிக்காமல் விட்டால் பட்டியல் நீளும், அதில் உயிருள்ள வரி எது என்று தெரியாமல் போகும்.

சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

இரண்டு வேறு இடத்து அறிகுறிகள் ஒத்துவந்த பிறகுதான் எழுத வேண்டும். யாருக்கு எழுதுவது என்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும். விளம்பரத்தில் உள்ள எண் வேலை தேடி வருகிறவர்களுக்காகக் கொடுக்கப்பட்டது. விண்ணப்பதாரர் போல நடித்து அதில் பேசி விவரம் கறப்பது பொய். விளம்பரத்துக்குப் பொறுப்பான ஊழியரும் நம் கடிதத்தைத் தன் வேலைக்கு ஆபத்தாகப் பார்க்கலாம். நிறுவனம் தன் பக்கத்தில் வெளியிட்டிருக்கும் அலுவலக மின்னஞ்சலுக்கு, முதலாளியின் பெயருக்கு எழுதுவதே முறை. நம் எடுத்துக்காட்டில் கடிதம் இப்படி இருக்கலாம்:

“வணக்கம் சார். பெங்களூரில் கடை திறக்கப் போவதாக உங்கள் பக்கத்தில் பார்த்தேன், வாழ்த்துகள். பி.எஃப்.-க்கு கோவை, பெங்களூர் இரண்டு இடத்து ஆட்களையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். பெங்களூர் மேலாளருக்குத் தொழில் வரியும் நம் ஊர் முறையில் வராது. இவற்றை உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறாரா, புதிதாக எடுக்கும் ஹெச்.ஆர். பார்க்கப் போகிறாரா? நாங்கள் கோவையில் சம்பளக் கணக்கு மட்டும் செய்கிறோம். தேவைப்பட்டால் பத்து நிமிடம் பேசலாம்.”

அவரே வெளியிட்ட ஒரு செய்தி, அதனால் அவருக்கு வரப்போகும் ஒரு விளைவு, பதில் சொல்ல எளிதான ஒரு கேள்வி. அவ்வளவுதான் கடிதத்தில் இருக்கிறது. இ.பி.எஃப்.ஓ. தளத்தில் பார்த்ததை அதில் எழுதவில்லை. அது பொதுத் தகவல்தான்; ஆனாலும் “நீங்கள் பணம் கட்டவில்லை என்று பார்த்தேன்” என்ற வரியை எந்த முதலாளியும் மிரட்டலாகவே படிப்பார்.

தகவல் சேர்ப்பதிலும் எல்லை உண்டு. லிங்க்ட்இன் போன்ற தளங்கள் தானியங்கி மென்பொருளால் பக்கங்களை அள்ளுவதைத் தங்கள் விதிகளில் தடை செய்திருக்கின்றன. மீறினால் கணக்கை முடக்குவார்கள். தனிநபர் தகவல்களைக் கையாள்வதற்கு 2023-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. நிறுவனத்தின் பெயர், அலுவலக முகவரி, அறிகுறி ஆகியவை நம் வேலைக்குப் போதும். ஊழியர்களின் சொந்தக் கைபேசி எண்ணும் குடும்ப விவரமும் பதிவேட்டில் இருக்க ஒரு காரணமும் இல்லை. “எனக்கு எழுதாதீர்கள்” என்று சொன்னவரின் வரியை எடுத்துவிட்டு, மறுபடி தவறிச் சேர்க்காதபடி குறித்துக்கொள்ள வேண்டும்.

பதில் வந்த பிறகு

நம் சத்துமாவு நிறுவனத்தின் முதலாளி இப்படிப் பதில் சொல்லக்கூடும்: “பி.எஃப். எல்லாம் எங்க ஆடிட்டர் ஆபீஸ்லயே பார்த்துக்குவாங்க. பெங்களூர் விஷயம் இன்னும் யோசிக்கல. கடை திறந்துட்டுப் பேசலாம் சார்.” இதைத் தோல்வி என்று பதிவேட்டில் எழுதக் கூடாது. அறிகுறி சரியாக இருந்தது. ஊகத்தில் பாதி தவறு, பாதி சரி. ஆடிட்டர் அலுவலகம் பார்க்கிறது என்ற புதிய செய்தியும், கடை திறக்கும் நாள் என்ற புதிய தேதியும் அந்த வரியில் ஏறுகின்றன.

மூன்று நான்கு மாதம் இப்படிச் செய்த பிறகு பதிவேட்டை அறிகுறி வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மறுவிளம்பரத்தை வைத்து அழைத்தவர்களில் எத்தனை பேர் “ஆமாம், அதுதான் தலைவலி” என்றார்கள்? வழியனுப்புப் பதிவை வைத்து அழைத்தவர்களில் எத்தனை பேர்? ஒப்பந்தம் கிடைத்ததா என்பதைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஒப்பந்தம் விலையாலும் நேரத்தாலும்கூட நழுவும். அறிகுறி சரியா என்பதற்கு அவர் சொன்ன பதில்தான் சான்று. தொடர்ந்து தவறிப்போகும் அறிகுறியைத் தாளிலிருந்தே நீக்கிவிட்டு, அதற்குச் செலவான நேரத்தைச் சரியாக வரும் அறிகுறிக்குக் கொடுக்கலாம்.

இந்த முறைக்குத் தெரியாத உலகமும் உண்டு. கணபதியிலும் பீளமேட்டிலும் எத்தனையோ பட்டறைகள் வாசலில் “ஆட்கள் தேவை” என்று பலகை மாட்டி ஆள் எடுக்கின்றன. இன்னும் பல, இருக்கும் தொழிலாளியிடமே “உங்க ஊர்ப் பையன் யாராவது இருந்தா கூட்டிட்டு வாப்பா” என்று சொல்லி எடுக்கின்றன. அவர்களுக்கு இணையப் பக்கமே இருக்காது, தேவை மட்டும் அதே அளவு இருக்கும். திரையில் மட்டும் தேடுகிறவரின் பட்டியலில் விளம்பரம் போடப் பழகிய நிறுவனங்களே நிறைந்திருக்கும். அவர்களுக்கு மற்றவர்களும் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆகவே வாரத்தில் ஒரு நாளை அந்தத் தெருக்களில் நடப்பதற்கு ஒதுக்கி, பார்த்த பலகையையும் தேதியையும் அதே பதிவேட்டில், அதே பத்திகளில் எழுத வேண்டும். அறிகுறி எங்கிருந்து வந்தாலும் சோதனை ஒன்றுதான். இந்த வரியை முதலாளியிடம் அப்படியே படித்துக்காட்ட முடியுமா? அவர் “ஆமாம்” என்பாரா, “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று முகம் சுளிப்பாரா? ஆமாம் என்பார் என்று தோன்றும் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டால், பதினான்கு நான்காகச் சுருங்கும். அந்த நான்கு பேரிடம் பேச ஒரு காலைப் பொழுது போதும்.